ஹிஜ்ரி பிறந்தநாளை ஆங்கிலத் தேதியாக மாற்றும்போது கிழமையை விட்டுவிடாதீர்கள்

கேள்வி: என் பிறப்பைப் பற்றித் தாத்தா நோட்டில் “ஹிஜ்ரி 1410, ரமளான் பிறை 15, வியாழன்” என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரு இணையதளம் அதை 1990 ஏப்ரல் 10 என்கிறது, இன்னொன்று ஏப்ரல் 11 என்கிறது. எது சரி? ஹிஜ்ரிக் கணக்கில் என் வயது ஒன்று கூடுதலாக வருகிறதே, அது ஏன்?

இரண்டு தேதிகளுமே சரியில்லை. நீங்கள் பகலில் பிறந்திருந்தால் உங்கள் தேதி 1990 ஏப்ரல் 12. புதன்கிழமை மாலை மஃரிபுக்குப் பிறகு, நள்ளிரவுக்கு முன் பிறந்திருந்தால் மட்டும் ஏப்ரல் 11. இதை முடிவுசெய்வது தாத்தா எழுதிய “வியாழன்” என்ற ஒரே சொல். அது இல்லாமல் வெறும் “ரமளான் 15” மட்டும் இருந்திருந்தால் யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. எப்படி என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

முதலில் தளங்கள் என்ன செய்கின்றன என்று தெரிய வேண்டும். அவை பெரும்பாலும் பிறையைப் பார்ப்பதில்லை. அட்டவணைக் கணக்கு ஒன்றை வைத்திருக்கின்றன. அதில் முஹர்ரம் 30 நாள், ஸஃபர் 29 நாள் என்று மாதங்கள் ஒன்றுவிட்டு ஒன்று மாறி வரும். ஒற்றைப்படை மாதங்களுக்கு 30, இரட்டைப்படை மாதங்களுக்கு 29. மொத்தம் 354 நாள். ஆனால் பன்னிரண்டு சந்திர மாதங்களின் உண்மையான சராசரி நீளம் 354.367 நாள். அந்த மிச்சத்தைச் சரிக்கட்ட 30 ஆண்டுகளில் 11 ஆண்டுகளுக்குத் துல்ஹஜ் மாதத்தில் ஒரு நாள் கூட்டி 355 ஆக்குகிறார்கள். ஆக 30 ஹிஜ்ரி ஆண்டுகளுக்கு 10,631 நாள்.

இதை நீங்களே எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ செய்துபார்க்கலாம். A1 கட்டத்தில் ஹிஜ்ரி ஆண்டு, B1-இல் மாத எண், C1-இல் பிறை எண்ணை இட்டு, வேறொரு கட்டத்தில் இதை எழுதுங்கள்:

```
=INT((11*A1+3)/30)+354*A1+30*B1-INT((B1-1)/2)+C1-466964
```

பிறகு அந்தக் கட்டத்தின் வடிவத்தைத் தேதியாக மாற்றுங்கள். முஹர்ரம் 1-ஆவது மாதம், ரமளான் 9, ஷவ்வால் 10, துல்ஹஜ் 12. உங்கள் எண்களை இட்டால் முதல் பகுதி 517 வரும். அதுதான் இதுவரை கூட்டப்பட்ட மிகைநாட்கள். 354 × 1410 = 4,99,140. மாதத்துக்கு 270 கூட்டி 4 கழிக்கிறோம். பிறைக்கு 15. கடைசியில் 4,66,964-ஐக் கழித்தால் 32,974 கிடைக்கும். 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணிவரும் விரிதாள் கணக்கில் அந்த எண்ணுக்குரிய நாள் 1990 ஏப்ரல் 11, புதன்கிழமை. அந்தக் கடைசி எண் ஹிஜ்ரிக் கணக்கையும் விரிதாளின் கணக்கையும் ஒரே தொடக்கத்துக்குக் கொண்டுவருவதற்காக மட்டுமே. ஹிஜ்ரி 1318 முதலான ஆண்டுகளுக்கு இதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். அதற்கு முந்தைய தேதிகளில் எக்செல் 1900-ஐத் தவறாக லீப் ஆண்டாக எடுத்துக்கொள்வதால் குழப்பம் வரும்.

சரி, இன்னொரு தளம் ஏப்ரல் 10 என்று சொன்னது எப்படி? ஹிஜ்ரி 1, முஹர்ரம் 1 எந்த நாள் என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி 622 ஜூலை 16, வெள்ளி என்பது ஒன்று. ஜூலை 15, வியாழன் என்பது மற்றொன்று. முதலாவதை அன்றாட வழக்குக்கும், இரண்டாவதை வானியல் கணக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவதைப் பின்பற்றும் தளத்தில் எல்லாத் தேதிகளும் ஒரு நாள் முன்னால் தள்ளித்தான் நிற்கும். அந்தத் தளத்தில் பிழை ஏதும் இல்லை, அது எண்ணத் தொடங்கிய புள்ளி வேறு, அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். தாத்தா எந்தச் சூத்திரத்தையும் போட்டுப் பார்த்து எழுதவில்லை. அந்த ஊரில் பிறை அறிவித்த நாளிலிருந்து எண்ணி எழுதியிருக்கிறார். அந்த ரமளானுக்கான அமாவாசை, அதாவது சூரியனும் சந்திரனும் ஒன்றுகூடும் கணம், உலகப் பொது நேரப்படி 1990 மார்ச் 26 பின்மாலையில் நிகழ்ந்தது. ஆசியாவில் மறுநாள் மஃரிபு நேரத்தில் அந்தப் பிறைக்கு ஒரு முழு நாள் வயதுகூட ஆகியிருக்காது. அப்படிப்பட்ட பிறை சில இடங்களில் கண்ணுக்குத் தெரியும், பல இடங்களில் தெரியாது. மார்ச் 27 மாலை பிறையை ஏற்ற ஊர்களில் நோன்பு மார்ச் 28-இல் தொடங்கியிருக்கும், ஏற்காத ஊர்களில் மார்ச் 29-இல். முதல் வகை ஊரில் பிறை 15 ஏப்ரல் 11, புதன். இரண்டாம் வகை ஊரில் ஏப்ரல் 12, வியாழன். நோட்டில் வியாழன் என்று இருப்பதால் உங்கள் ஊர் இரண்டாம் வகை. கிழமை தந்த விடையும் அன்றைய பிறையின் நிலையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அதனால்தான் ஏப்ரல் 12 என்று உறுதியாகச் சொல்கிறேன்.

பொதுவாக இப்படி வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரம் தரும் நாளின் கிழமையும் குறிப்பில் உள்ள கிழமையும் ஒன்றாக இருந்தால் அந்தத் தேதியே சரி. குறிப்பில் உள்ள கிழமை ஒரு நாள் முன்னாலோ பின்னாலோ இருந்தால் தேதியையும் அதே திசையில் ஒரு நாள் நகர்த்துங்கள். பிறை பார்க்கும் வழக்கத்தில் இந்த ஒரு நாள் வேறுபாடு மிகச் சாதாரணம். இரண்டு நாள் எப்போதாவது வரும், வந்தால் மீண்டும் சரிபாருங்கள். மூன்று நாளோ அதற்கு மேலோ தள்ளிப்போனால் பிறையைக் குறை சொல்ல முடியாது. எழுதியதிலோ படித்ததிலோ தவறு இருக்கிறது. 354 நாளை ஏழால் வகுத்தால் மீதி 4, 355-க்கு மீதி 5. ஆகவே ஆண்டு ஒன்று பிசகினால் கிழமை நான்கைந்து நாள் நகரும். எதிர்த்திசையில் எண்ணினால் அது இரண்டு மூன்று நாளாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் முந்தைய ஆண்டையும் அடுத்த ஆண்டையும் போட்டுப் பாருங்கள்.

மாதம் பிசகினால்தான் கிழமை நம்மை ஏமாற்றும். ரபீஉல் அவ்வலையும் ரபீஉல் ஆகிரையும், ஜமாதுல் அவ்வலையும் ஜமாதுல் ஆகிரையும் மாற்றி எழுதுவது பழைய குறிப்புகளில் அடிக்கடி நடக்கும். ஒரு மாதம் என்பது 29 அல்லது 30 நாள், அதாவது நான்கு வாரமும் ஒன்று அல்லது இரண்டு நாளும். எனவே மாதமே மாறிப்போயிருந்தாலும் கிழமை ஒன்றிரண்டு நாள்தான் நகரும். பார்ப்பவர் அதைப் பிறை வேறுபாடு என்று எண்ணிக் கடந்துவிடுவார், தேதி ஒரு மாதம் தள்ளிப்போய்விடும். இந்த இரட்டைப் பெயர் மாதங்களில் பிறந்தவர்கள் கிழமையை மட்டும் நம்பாமல் வேறொரு சான்றையும் தேட வேண்டும். மருத்துவமனைச் சீட்டு, தடுப்பூசி அட்டை, உடன்பிறந்தவர்களின் தேதி என்று ஏதாவது ஒன்று. உங்கள் மாதம் ரமளான் என்பதால் இந்தச் சிக்கல் இல்லை. நோன்பு மாதத்தை யாரும் வேறொரு மாதத்தோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

இனி இரவுக் கணக்கு. ஹிஜ்ரி நாள் மஃரிபோடு தொடங்கி அடுத்த மஃரிபில் முடிகிறது. ஆங்கில நாள் நள்ளிரவில் மாறுகிறது. ஆகவே இரண்டும் முழுமையாக ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதில்லை. சூத்திரமோ தளமோ தரும் ஆங்கிலத் தேதி அந்த ஹிஜ்ரி நாளின் பகலுக்கு உரியது. அந்த நாளின் இரவு அதற்கு முந்தைய மாலையிலேயே தொடங்கிவிட்டது. எனவே மஃரிபுக்கும் நள்ளிரவுக்கும் இடையில் பிறந்தவருக்கு ஆங்கிலத் தேதியில் ஒன்றைக் கழிக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு பிறந்திருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். ஆங்கிலத் தேதியிலிருந்து ஹிஜ்ரிக்குப் போகும்போது இது தலைகீழாகும். ஏப்ரல் 11 இரவு 9 மணிக்குப் பிறந்த குழந்தைக்குத் தளத்தில் ஏப்ரல் 12 என்று கொடுத்தால்தான் சரியான பிறை வரும்.

கிழமைக்கும் இதே இரட்டைக் கணக்கு உண்டு. ஜும்ஆ இரவு என்றால் வியாழக்கிழமை மாலைக்குப் பிறகு வரும் இரவு. அதேபோல் பெரியவர்கள் “வியாழன் இரவு” என்று எழுதினால் அது புதன் மாலைக்குப் பின் வந்த இரவாகவும் இருக்கலாம். தாத்தா நேரத்தை எழுதவில்லை. வீட்டில் யாருக்காவது நீங்கள் பிறந்தது இரவு என்று நினைவிருந்தால், அது நோன்பு திறந்த பிறகான இரவா, ஸஹருக்கு எழுந்த நேரமா என்று கேளுங்கள். ரமளான் என்பதால் இந்தக் கேள்விக்குப் பலர் தெளிவாகப் பதில் சொல்வார்கள். நோன்பு திறந்தபின், நள்ளிரவுக்கு முன் என்றால் அது புதன் மாலை, ஏப்ரல் 11. ஸஹர் நேரம் என்றால் வியாழன் அதிகாலை, ஏப்ரல் 12. வியாழன் மாலை நோன்பு திறந்தபின் பிறந்ததாகவும் கொள்ளலாமே என்று தோன்றலாம். அப்படியானால் பிறை 15-இன் பகல் வெள்ளி, ஏப்ரல் 13 ஆகும், நோன்பு மார்ச் 30-இல் தொடங்கியிருக்க வேண்டும். மார்ச் 28 மாலைக்குள் பிறை நன்றாக வளர்ந்திருக்கும் என்பதால் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

உங்கள் ஊரில் அந்த ஆண்டு முதல் நோன்பு எந்தத் தேதியில் வந்தது என்று தெரிந்தால் எல்லாம் இன்னும் உறுதியாகும். அதோடு 14-ஐக் கூட்டினால் பிறை 15-இன் பகல் வந்துவிடும். பெருநாள் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணாதீர்கள். அந்த மாதத்துக்கு 29 நோன்பா 30 நோன்பா என்று தெரியாமல் அப்படி எண்ணினால் மறுபடியும் ஒரு நாள் ஐயம் வந்து நிற்கும்.

வயதுக்கு வருவோம். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. ஒரு ஹிஜ்ரி ஆண்டு 0.9702 சூரிய ஆண்டு. நூற்றுக்கு மூன்று என்று நினைவில் வைத்துக்கொண்டால் மனக்கணக்குக்குப் போதும். 100 ஹிஜ்ரி ஆண்டுகள் 97 சூரிய ஆண்டுகள். நபிகளார் 63 வயதில் மறைந்தார்கள் என்பது சந்திரக் கணக்கு, சூரியக் கணக்கில் அது 61 ஆண்டுகளைச் சற்றே தாண்டும். உங்களுக்கு 33 வயதை ஒட்டி ஒரு வருட இடைவெளி விழுந்துவிடுகிறது, அதனால்தான் ஒன்று கூடுதலாகத் தெரிகிறது.

ஆனால் வயதைத் துல்லியமாகச் சொல்ல இந்தப் பெருக்கலைப் பயன்படுத்தாதீர்கள். இன்றைய தேதியை ஹிஜ்ரிக்கு மாற்றி, பிறந்த ஹிஜ்ரித் தேதியைக் கழிப்பதே சரியான முறை. 2025 ஏப்ரல் 12-ஐ எடுத்துக்கொள்வோம். ஆங்கிலக் கணக்கில் அன்று உங்களுக்குச் சரியாக 35 நிறைகிறது. அட்டவணைக் கணக்கில் அன்று ஹிஜ்ரி 1446 ஷவ்வால் 13. இதிலிருந்து 1410 ரமளான் 15-ஐக் கழிக்க வேண்டும். 13-இலிருந்து 15 போகாது. எனவே ஷவ்வாலிலிருந்து ஒரு மாதத்தைக் கடன் வாங்குகிறோம். முந்தைய மாதமான ரமளானுக்கு 30 நாள் என்பதால் 13 என்பது 43 ஆகிறது, 15 போக 28. மாதத்தில் 9-இலிருந்து 9 போக 0. ஆண்டில் 36. ஆக 36 ஆண்டு 28 நாள். கடன் வாங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு 30 என்று போடக் கூடாது. முந்தைய மாதம் 29 நாள் மாதமாக இருந்தால் 29-ஐத்தான் கூட்ட வேண்டும்.

இன்னொரு தவறையும் பலர் செய்கிறார்கள். இன்றைய இரு ஆண்டு எண்களின் வித்தியாசத்தை எடுத்துப் பழைய தேதியில் கூட்டிவிடுவார்கள். 2025-க்கும் 1446-க்கும் இடையே 579. ஆனால் இந்த வித்தியாசம் நிலையானதில்லை, சுமார் 33 ஆண்டுக்கு ஒன்று குறைந்துகொண்டே வருகிறது. நீங்கள் பிறந்தபோது அது 580. 1360-களில் பிறந்த ஒருவருக்கு 579-ஐக் கூட்டினால் விடை ஓரிரு ஆண்டு பிசகும். தோராயமாகத் தெரிய வேண்டுமென்றால் ஹிஜ்ரி ஆண்டை 0.97022-ஆல் பெருக்கி 621.57-ஐக் கூட்டுங்கள். 1410-க்கு 1989.58 வரும், அதாவது அந்த ஹிஜ்ரி ஆண்டு 1989 ஆகஸ்ட்டை ஒட்டித் தொடங்கியது. ரமளான் அதிலிருந்து எட்டு மாதம் தள்ளி வருவதால் பிறப்பு 1990-இல் விழுகிறது. பெரிய பிழை ஏதும் நுழைந்துவிடவில்லை என்று பார்க்க இந்தச் சோதனை போதும்.

இந்த 11 நாள் நழுவலால் சுவையான விளைவு ஒன்றும் உண்டு. அட்டவணைக் கணக்கில் 1999-ஆம் ஆண்டில் உங்கள் ஹிஜ்ரிப் பிறந்தநாள் இரண்டு முறை வந்தது. 1419 ரமளான் 15 ஜனவரி 3-இலும், 1420 ரமளான் 15 டிசம்பர் 23-இலும் விழுந்தன. பிறந்த பருவத்துக்கே அது சுற்றிவர 33 ஹிஜ்ரி ஆண்டு ஆகும். 1443 ரமளான் 15, 2022 ஏப்ரல் 17-இல் வந்தது.

மார்க்கச் சட்டத்தில் வரும் வயதுகள் சந்திர ஆண்டுக் கணக்கு என்பதையும் மறந்துவிடக் கூடாது. பருவமடைதலின் வேறு அடையாளங்கள் தெரியாதபோது ஷாஃபிஈ மத்ஹப் எடுத்துக்கொள்ளும் 15 வயது என்பது 15 ஹிஜ்ரி ஆண்டு. உங்களுக்கு அது 1425 ரமளான் 15, அதாவது 2004 அக்டோபர் 29 அளவில் நிறைந்தது. ஆங்கிலக் கணக்கில் அன்று உங்களுக்கு வயது பதினான்கரை மட்டுமே. 15-ஆவது ஆங்கிலப் பிறந்தநாள் வரை காத்திருந்தால் ஐந்து மாதத்துக்கு மேல் தள்ளிப்போய்விடும்.

பிறை 30-இல் பிறந்தவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஷஃபான் 30 என்று குறிப்பில் இருந்தால் அட்டவணைக் கணக்கு அதை ஏற்காது, ஏனென்றால் அதில் ஷஃபானுக்கு எப்போதும் 29 நாள்தான். மேலே தந்த சூத்திரத்தில் இட்டால் ரமளான் 1-க்குரிய அதே எண் வரும். பிறை பார்க்கும் நடைமுறையில் ஷஃபான் 30 முற்றிலும் உண்மையான தேதி. தளம் “தவறான தேதி” என்று சொன்னாலும் குறிப்பைத் திருத்தாதீர்கள், கிழமையைக் கொண்டு ஆங்கில நாளைப் பிடியுங்கள்.

சவூதி அரேபியாவில் வழங்கப்பட்ட ஆவணத்திலிருந்து மாற்றுவதென்றால் மேலே சொன்ன முறையை ஒதுக்கிவையுங்கள். அங்கே அரசின் உம்முல் குரா நாட்காட்டிதான் அளவுகோல். அதற்கென்று தனி அட்டவணை இருக்கிறது, அந்தப் பெயரைக் குறிப்பிட்டு மாற்றும் கருவியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 2025-இல் சவூதியில் ஷவ்வால் 1 மார்ச் 30-இல் வந்தது, அட்டவணைச் சூத்திரம் மார்ச் 31 என்கிறது. அந்த நாட்காட்டியின் விதிகளே ஹிஜ்ரி 1420-இலும் 1423-இலும் மாற்றப்பட்டவை. ஆகவே 1410-ஐப் போன்ற பழைய ஆண்டுக்கு, இன்றைய விதியைப் பின்னோக்கிப் போட்டுக் கணிக்கும் கருவியை நம்பாமல், அந்தக் காலத்தில் அச்சான அட்டவணையைக் கொண்டிருக்கும் கருவியை நாடுங்கள். அங்குள்ள முதியவர்கள் பலரின் ஆவணத்தில் பிறந்த தேதி 1/7 என்று இருக்கும். அது ரஜப் 1, ஜூலை 1 இல்லை. பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்தவர்களுக்குப் பதிவின்போது இட்ட தேதி அது. அதை நாள்வரை துல்லியமாக மாற்றினாலும் கிடைப்பது பிறந்த நாளாக இருக்காது.